க்யூவில் 4 இரண்டு முறை வந்தது ஏன்?

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் விடைத்தாள் திருத்தும்போது, கிராஃபின் முனைகளைத் தொடக்க முனைக்கு அருகிலிருந்து அடுக்கடுக்காகப் பார்த்துச் செல்லும் பி.எஃப்.எஸ். கேள்விக்கு இறுதி வரிசையை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவதை நான் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு படியிலும் க்யூவில் என்ன இருந்தது என்று எழுதச் சொல்கிறேன். அண்மையில் நான் திருத்திய ஒரு தாளில் இருந்த கிராஃப் இது. 1இலிருந்து தொடங்க வேண்டும், அண்டை முனைகளை எழுதியுள்ள வரிசையிலேயே எடுக்க வேண்டும்.

```
1: 2, 3
2: 1, 4
3: 1, 4, 5
4: 2, 3, 6
5: 3, 6
6: 4, 5
```

1ஐ எடுத்ததும் க்யூவில் 2, 3 நிற்கும். 2ஐ எடுத்ததும் 3, 4. அடுத்து 3ஐ எடுக்கும்போது, 1 முன்பே பார்த்தது, 4 ஏற்கெனவே க்யூவில் நிற்கிறது, ஆகவே 5 மட்டுமே புதிதாகச் சேர்ந்து க்யூ 4, 5 ஆக வேண்டும். அந்த மாணவர் இந்த இடத்தில் 4, 4, 5 என்று எழுதியிருந்தார். ஆனால் அவருடைய இறுதி விடை 1, 2, 3, 4, 5, 6. அது சரியான விடைதான்!

முனையை க்யூவில் சேர்க்கும்போதே 'பார்த்தாயிற்று' என்று குறிக்காமல், வெளியே எடுக்கும்போதுதான் அவர் குறித்திருந்தார். எடுக்கும்போது ஏற்கெனவே குறித்ததா என்று பார்த்து, இரண்டாவது 4ஐ அடித்துவிட்டதால் வரிசை தப்பித்தது. அந்தச் சோதனையும் இல்லையென்றால் 1, 2, 3, 4, 4, 5, 6, 6, 6 என்று, ஆறு முனைகளுக்கு ஒன்பது முறை எடுக்க நேரிடும்.

1இலிருந்து ஒவ்வொரு முனைக்கும் எத்தனை விளிம்புகள் என்ற தொலைவையும் கணக்கிடச் சொன்னால் இந்தப் பழக்கம் உண்மையிலேயே விடையைக் கெடுக்கும். இதே கிராஃபில் 2க்கும் 3க்கும் இடையே ஒரு விளிம்பைச் சேர்த்துப் பாருங்கள். 2ஐ எடுக்கும்போது 3 க்யூவில் இருந்தாலும் குறிக்கப்பட்டிருக்காது. எனவே அது மீண்டும் சேர்க்கப்பட்டு, அதன் தொலைவு 1 என்பது அழிந்து 2 ஆகிவிடும். அதைப் பின்பற்றி, 2 என்று வரவேண்டிய 5இன் தொலைவு 3 என்று வரும்.

நீங்களே தாளில் எழுதிப் பார்க்கும்போது, க்யூவிலுள்ள ஒவ்வொரு முனைக்கும் மேலே அதன் தொலைவைச் சிறியதாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்கள் இடமிருந்து வலமாக எங்கும் குறையக் கூடாது. கடைசி எண் முதல் எண்ணைவிட ஒன்றுக்கு மேல் கூடுதலாக இருக்கவும் கூடாது. ஒரே முனை க்யூவில் இரண்டாவது முறை நுழைந்தால், அந்தப் படியிலேயே நின்று குறித்த பட்டியலைச் சரிபார்க்க வேண்டும்.

ஒருவர் 1, 3, 2, 4, 5, 6 என்று எழுதியிருந்தால் உடனே தவறு என்று அடித்துவிடாதீர்கள். அண்டை வரிசை கேள்வியில் குறிப்பிடப்படாதபோது அதுவும் முறையான பி.எஃப்.எஸ். வரிசையே.