மறுப்புக் கடிதத்தில் 'தவணைச் சுமை அதிகம்' என்று வந்தால்

லோன் கிடைக்கவில்லை என்றதும் பலரும் முதலில் பார்ப்பது கிரெடிட் ஸ்கோரைத்தான். ஆனால் கடிதத்தில் 'வருமானத்துக்கு ஏற்ற அளவைவிடத் தவணைச் சுமை அதிகம்' என்று இருந்தால், ஸ்கோர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. ஸ்கோர் உங்கள் சம்பளத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. இது ஒரு வகுத்தல் கணக்கு: கேட்கும் லோனின் தவணையையும் சேர்த்து மாதம் கட்டவேண்டிய மொத்தத்தை, மாத வருமானத்தால் வகுக்கிறார்கள். பல நிறுவனங்கள் இது 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்று பார்க்கின்றன. 'எங்கள் கொள்கைக்குப் பொருந்தவில்லை' என்று மட்டும் கடிதம் சொன்னால், குறிப்பான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் தெரியாமல் எதையும் சரிசெய்யத் தொடங்க வேண்டாம்.

அடுத்து, அவர்கள் எந்த நிறுவனத்தின் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்தார்களோ அதையே எடுங்கள். நாமே நம் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. கூடவே ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டு, ரிப்போர்ட்டில் நடப்பில் உள்ள ஒவ்வொரு கணக்குக்கும் நேரே ஸ்டேட்மென்ட்டில் தவணை போகிறதா என்று டிக் போடுங்கள். டிக் விழாத வரிகளில்தான் பெரும்பாலும் விடை இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. விண்ணப்பித்தவர் தன் மாத வருமானம் 64,000 என்றும், ஏற்கெனவே உள்ள தவணைகள் 9,000, 7,000 என்றும் கணக்குப் போட்டார். புதிய தவணை 14,000. மொத்தம் 30,000, அதாவது 47 சதவீதம். பிறகு ஏன் மறுத்தார்கள்?

வருமானத்தில் 4,000 பயணச் செலவுக்காக ஆபீஸ் திருப்பித் தந்த பணம். அதை வருமானமாக எடுக்காமல் 60,000 என்றே வைத்தார்கள். ரிப்போர்ட்டிலோ டிக் விழாத வரிகள் மூன்று. முடித்துவிட்ட பொருள் லோன் ஒன்று இன்னும் 'நடப்பில்' என்று நிற்கிறது: 4,000. உறவினருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து: 6,500. கிரெடிட் கார்டு பாக்கி 90,000. அதில் 5 சதவீதத்தை மாதச் சுமையாக எடுத்ததில் 4,500. ஆக மொத்தம் 45,000. 60,000-த்தில் அது 75 சதவீதம்.

முடிந்த லோன்தான் சுலபம். பாக்கி இல்லை என்று லோன் கொடுத்தவர் தந்த என்.ஓ.சி.யையும் கடைசித் தவணை போன ஸ்டேட்மென்ட் பக்கத்தையும் வைத்து, லோன் கொடுத்தவரிடமும் ரிப்போர்ட் நிறுவனத்திடமும் திருத்தம் கேட்கவேண்டும். திருத்தியபின் 'முடிந்தது' என்று வந்திருக்கிறதா, 'செட்டில்டு' என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, குறைத்துக் கட்டி முடித்ததாகப் பொருள்படும். அடுத்த விண்ணப்பத்தில் அது தனி வில்லங்கம்.

கார்டில் பலரும் ஏமாறுவது தேதியில். கெடு தேதிக்குள் முழுத்தொகையும் கட்டுகிறவருக்குக்கூட ரிப்போர்ட்டில் பெரிய பாக்கி தெரியும், ஏனென்றால் பெரும்பாலும் அங்கே போவது பில் போடும் நாளில் இருந்த தொகை. இவர் பில் தேதிக்கு முன்பே கட்டி 10,000 மட்டும் பாக்கி வைத்தால், 4,500 என்பது 500 ஆகிவிடும்.

ஜாமீனை அழிக்க முடியாது. உறவினரே தன் கணக்கிலிருந்து ஓராண்டாகத் தவறாமல் கட்டுவதைக் காட்டினால் சில நிறுவனங்கள் விட்டுக்கொடுக்கும், எல்லோரும் அல்ல. அதனால் அது கூடவே இருக்கும் என்று வைத்தே கணக்குப் போடுவது நல்லது.

இரண்டு திருத்தங்களிலும் குறைவது 8,000. மீதி 37,000, கிட்டத்தட்ட 62 சதவீதம். இந்த நிலையில் மறுபடி விண்ணப்பித்தால் மறுபடியும் அதே கடிதம்தான். ஆனால் அந்த 7,000 தவணை லோனில் ஐந்து தவணைதான் பாக்கி. அதைக் கட்டி முடித்தால் சுமை 30,000, சரியாக 50 சதவீதம். அதுவும் விளிம்பில்தான் நிற்கிறது. கேட்கும் தொகையைக் கொஞ்சம் குறைத்தோ காலத்தை நீட்டியோ புதிய தவணையை 11,000 ஆக்கினால் 45-க்கு இறங்கும். காலத்தை நீட்டினால் மொத்த வட்டி கூடும் என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஸ்டேட்மென்ட்டை மறுபக்கமாகவும் படியுங்கள். ரிப்போர்ட்டில் இல்லாத தவணை ஏதாவது மாதாமாதம் போனால் அதையும் சேர்த்துக்கொள்வார்கள். பணமில்லாமல் திரும்பிய ஆட்டோ டெபிட், மறுநாளே கட்டியிருந்தால் ரிப்போர்ட்டில் வராமல் போகலாம். ஸ்டேட்மென்ட்டில் அபராதத்தோடு அப்படியே நிற்கும். நண்பரிடம் வாங்கிப் போட்டு இருப்பை உயர்த்திக் காட்டுவது வேண்டாம். வந்த வேகத்தில் அது திரும்பிப் போவதும் அதே தாளில் தெரியும்.

கட்டி முடித்ததும் அன்றைக்கே விண்ணப்பிக்காதீர்கள். கட்டிய தகவல் அன்றே ரிப்போர்ட்டுக்குப் போய்விடாது. புது ரிப்போர்ட் எடுத்து, முடித்த இரண்டு லோன்களும் 'முடிந்தது' என்றும் கார்டு பாக்கி குறைந்தும் காட்டுகிறதா என்று பார்த்தபின் ஒரே ஓர் இடத்தில் கேளுங்கள். நாலு இடத்தில் ஒரே வாரம் போட்டால் நாலு விசாரணையும் பதிவாகும். விண்ணப்பத்தில் ஜாமீன் லோனை நீங்களே எழுதிவிடுங்கள், உறவினரின் ஸ்டேட்மென்ட்டையும் இணைத்து.