வாரம் ஒரு நாள் லீவு கொடுத்தும் ஏன் தூங்கி வழிகிறார்கள்? மூன்று ஷிப்ட் அட்டவணையில் ஓய்வு நாளை வைக்கும் இடம்

இரவு பகலாக, வாரம் ஏழு நாளும் ஓடுகிற சின்னத் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் அட்டவணை போட்டுக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. போகும் இடங்களில் பெரும்பாலும் ஒரே புகார்தான்: "எல்லாருக்கும் வார விடுப்பு கொடுக்கிறோம், ஆனாலும் இரவு ஷிப்டில் ஆள் தூங்கிவிடுகிறார், திங்கட்கிழமை காலையில் வரமாட்டேன் என்கிறார்." அட்டவணையை வாங்கிப் பார்த்தால் விடுப்பு இருக்கத்தான் செய்யும். நான் விடுப்பை எண்ணுவதில்லை. ஒருவர் வேலை முடித்துக் கிளம்பும் நேரத்துக்கும் அடுத்து வந்து நிற்கும் நேரத்துக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் என்பதை ஒவ்வொருவருக்கும் கழித்துப் பார்ப்பேன், கோளாறு அங்கேதான் கண்ணில் படும்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு ஷிப்டிலும் 4 பேர் வேண்டும், காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6. ஒரு நாளைக்கு 12 டியூட்டி, வாரத்துக்கு 84. முதலாளியிடம் இருப்பது 12 பேர். 84-ஐ 12-ஆல் வகுத்தால் ஆளுக்கு 7 டியூட்டி, அதாவது வாரத்துக்கு 56 மணி நேரம், ஓய்வு என்று எதுவுமே இல்லை. மூன்று ஷிப்டுக்கு மூன்று குழு போதும் என்று நினைப்பவர்கள் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலையையே மூடிவிடுகிறவர்களுக்கு மூன்று குழு சரி, மூடாதவர்களுக்குச் சரிவராது.

அடுத்ததாக எல்லாரும் செய்வது ரிலீவர் போடுவது. ஆறு பேருக்கு ஒரு ரிலீவர் என்றால் 12 பேருக்கு 2, ஆக 14 பேர். 84-ஐ 14-ஆல் வகுத்தால் 6, ஆளுக்கு 48 மணி நேரம், ஒரு நாள் ஓய்வு. காகிதத்தில் கச்சிதமாக இருக்கும். ஒருவருக்குத் திங்கள், ஒருவருக்குச் செவ்வாய் என்று ஆளுக்கொரு நாள் நிரந்தரமாகக் கொடுத்துவிட்டு, வாரா வாரம் திங்கட்கிழமை எல்லாருடைய ஷிப்டையும் மாற்றுவார்கள். இப்போது புதன்கிழமை விடுப்புள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் அவருக்கு இரவு, அடுத்த வாரம் காலை. ஞாயிறு இரவு ஏறியவர் திங்கள் காலை 6 மணிக்கு இறங்குகிறார், அவருடைய அடுத்த டியூட்டி தொடங்குவதும் அதே திங்கள் காலை 6 மணிக்கு! இடைவெளி பூஜ்யம். நடைமுறையில் என்ன ஆகும்? அவர் தொடர்ந்து 16 மணி நேரம் நிற்பார், அல்லது சூப்பர்வைசர் யாரையாவது கெஞ்சிக் கூட்டி வந்து ஒப்பேற்றுவார். வரிசையைத் திருப்பி இரவுக்கு அடுத்து மதியம், மதியத்துக்கு அடுத்து காலை என்று வைத்தால் பூஜ்யம் 8 மணி நேரமாகும், ஆனால் அந்த 8 மணி நேர இடைவெளி இரண்டு இடத்தில் வந்துவிடும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பவே அதில் பாதி போய்விடும்.

ஆக ஓய்வு நாள் இருக்க வேண்டிய இடம் ஷிப்ட் மாறும் இடம், குறிப்பாக இரவு ஷிப்ட் முடிகிற இடம். ஆளுக்கொரு கிழமை என்று பிரித்துக் கொடுத்தால் ஒரே குழுவில் இருக்கும் நாலு பேருக்கும் அது அந்த இடத்தில் அமையாது. இரவு முடித்த நாலு பேரையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றால் அந்த நாள் வேறு நாலு பேர் வேண்டும், இரண்டு ரிலீவரை வைத்துக்கொண்டு அது முடியாது.

அதனால்தான் நான்காவது குழு. 16 பேர், நாலு நாலு பேராக நான்கு குழு, எட்டு நாள் சுற்று: இரண்டு நாள் காலை, இரண்டு நாள் மதியம், இரண்டு நாள் இரவு, இரண்டு நாள் ஓய்வு. ஒவ்வொரு குழுவும் முந்தைய குழுவிலிருந்து இரண்டு நாள் தள்ளி நிற்கும். கா என்றால் காலை, ம மதியம், இ இரவு, ஓ ஓய்வு:

முதல் குழு: கா கா ம ம இ இ ஓ ஓ
இரண்டாம் குழு: ம ம இ இ ஓ ஓ கா கா
மூன்றாம் குழு: இ இ ஓ ஓ கா கா ம ம
நான்காம் குழு: ஓ ஓ கா கா ம ம இ இ

எந்த நாளை மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு குழு, ஓய்வில் ஒரு குழு இருக்கும். இதில் இடைவெளியைக் கழித்துப் பாருங்கள். காலை முடிந்து மதியத்துக்கு மாறும்போது 24 மணி நேரம். மதியம் முடிந்து இரவுக்கு மாறும்போதும் 24. ஆறாம் நாள் இரவு ஏறியவர் ஏழாம் நாள் காலை 6 மணிக்கு இறங்கி, ஒன்பதாம் நாள் காலை 6 மணிக்கு வருகிறார், 48 மணி நேரம். அட்டவணையில் இரண்டு நாள் ஓய்வு என்று எழுதினாலும் முதல் நாள் பகல் தூக்கத்திலேயே போய்விடும் என்பது நிஜம், ஆனால் நடுவில் இரண்டு முழு இரவுத் தூக்கமும் முழுசாக ஒரு பகலும் அவருக்குக் கிடைக்கிறது. இதையே ஒரு நாள் ஓய்வாகக் குறைத்தால் 24 மணி நேரம்தான் மிஞ்சும், அதாவது ஓய்வு என்ற பெயரில் கிடைப்பது, காலையிலிருந்து மதியத்துக்கு மாறும் சாதாரண நாளில் கிடைக்கும் அதே இடைவெளிதான்.

இந்த இடத்தில் தொழிலாளர்களே ஒரு மாற்று யோசனை சொல்வார்கள். வரிசையைப் பின்னோக்கி வையுங்கள், இரவு இரண்டு, மதியம் இரண்டு, காலை இரண்டு, பிறகு ஓய்வு என்பார்கள். காரணம் இருக்கிறது: கடைசிக் காலை ஷிப்ட் மதியம் 2 மணிக்கு முடிகிறது, அடுத்தது இரண்டு நாள் கழித்து இரவு 10 மணிக்கு, ஆக 80 மணி நேரம் ஒரே நீட்டாகக் கிடைக்கும். ஊருக்குப் போய்வர அருமையான இடைவெளி. ஆனால் அதற்கு விலையாக ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 8 மணி நேர இடைவெளியில் திரும்பி வர வேண்டியிருக்கும். நம் உடம்பின் கடிகாரம் பெரும்பாலானோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுகிறது, அதனால் தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது சுலபம், முன்னால் இழுப்பது கஷ்டம். நான் முன்னோக்கி வரும் வரிசைக்குத்தான் வாக்களிப்பேன். (ஆலையை ஞாயிறு மூடி மூன்று குழுவை வாரா வாரம் மாற்றுகிற இடத்தில் கணக்கு வேறு. அங்கே முன்னோக்கிப் போனால் இரவிலிருந்து காலைக்கு வரும்போது மிஞ்சுவது 24 மணி நேரம், பின்னோக்கிப் போனால் குறைந்தபட்சமே 32. ஒரு விதியை மனப்பாடம் செய்து எல்லா இடத்திலும் பொருத்தாமல் கழித்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.)

முதலாளி கேட்பது: 12 பேர் இருந்த இடத்தில் 16 பேரா, சம்பளம் என்னாவது? வேலை நேரம் மாறவே இல்லை. 12 பேர் 56 மணி நேரம் செய்தாலும் 672, 16 பேர் 42 மணி நேரம் செய்தாலும் 672. 48 மணி நேரத்துக்கு மேல் இரட்டைச் சம்பளம் கொடுக்கிற இடமாக இருந்தால், 12 பேருக்கு 48 மணி நேரச் சம்பளமும் 8 மணி நேர ஓவர்டைமுக்கு 16 மணி நேரச் சம்பளமுமாகச் சேர்ந்து வாரத்துக்கு 768 மணி நேரச் சம்பளம் போகிறது. 16 பேரும் 42 மணி நேரமே வேலை செய்தாலும் 48 மணி நேரச் சம்பளத்தையே கொடுத்தால்? அதுவும் 768-தான். தலைக்கு இவ்வளவு என்று வரும் காப்பீடு, சீருடை, போக்குவரத்து போன்றவைதான் கூடுதல். ஓவர்டைமை ஒழுங்காகக் கொடுக்காத இடத்தில் இந்தக் கணக்கு எடுபடாது, அங்கே பிரச்சினை அட்டவணையில் இல்லை.

எதிர்ப்பு வேறு பக்கத்திலிருந்தும் வரும், அதை மறைத்துப் பயனில்லை. இதுவரை 64 மணி நேரச் சம்பளம் வாங்கியவர் கைக்கு இனி 48 மணி நேரத்துக்கானதுதான் வரும், நாலில் ஒரு பங்கு குறையும். அந்த ஓவர்டைமை நம்பிக் கடன் வாங்கியிருப்பவர் ஓய்வு நாளைக் கொண்டாட மாட்டார். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகு இதைப் பேச ஆரம்பித்தால் அட்டவணை ஒரு மாதம்கூடத் தாங்காது, முன்னாலேயே உட்கார்ந்து பேச வேண்டும்.

இன்னொரு குறை ஞாயிற்றுக்கிழமை. எட்டு நாள் சுற்று என்பதால் ஓய்வு வாரா வாரம் ஒரு கிழமை தள்ளிப் போகும், எட்டு வாரத்தில் இரண்டு ஞாயிறுதான் ஓய்வில் வரும், சனியும் ஞாயிறும் சேர்ந்து வருவது ஒரு முறை. வருடத்துக்கு 91 ஓய்வு நாள் இருந்தும் பிள்ளைகளோடு இருக்க முடியவில்லை என்பார்கள், நியாயம்தான். அப்படிப்பட்டவர்களுக்கு 2-2-3 என்ற 28 நாள் சுற்று பொருந்தும். ஒரே வரிசைதான், ஆனால் இரண்டு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று மாறும், அதனால் கிழமையோடு ஒட்டி நிற்கும், நாலு வாரத்துக்கு ஒரு தடவை வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் ஓய்வு. பதிலுக்கு ஏழு டியூட்டி தொடர்ந்து செய்ய வேண்டும், ஒரு வாரம் மூன்று இரவு வரும். ஏழு நாளுக்குள் ஒரு ஓய்வு என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-லேயே உடன்படிக்கையாகப் போட்டது, பல நாட்டுச் சட்டங்களிலும் இருக்கிறது. அதனால் உங்கள் சட்டம் ஏழு தொடர் டியூட்டியை எப்படிப் பார்க்கிறது என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

நல்ல அட்டவணையைக் கெடுப்பது திடீரென்று வராமல் போகிறவர். உடனே ஓய்வில் இருக்கிற குழுவுக்குப் போன் போடுவார்கள். எட்டாம் நாள் மதிய ஷிப்டுக்கு ஒருவரைக் கூப்பிட்டால் அவர் இரவு 10 மணிக்கு இறங்கி மறுநாள் காலை 6 மணிக்கு வர வேண்டும், கஷ்டப்பட்டுக் கட்டிய 48 மணி நேரம் அங்கேயே உடைந்துவிடும். நான் சொல்வது நாலு நாலு மணி நேரமாகப் பிரிப்பது. மதிய ஷிப்டில் ஒருவர் வரவில்லையா, காலை ஷிப்ட் ஆள் மாலை 6 வரை நிற்கட்டும், இரவு ஷிப்ட் ஆள் 6 மணிக்கே வரட்டும். இருவருக்கும் 12 மணி நேர டியூட்டி, ஆனால் முன்னும் பின்னும் குறைந்தது 12 மணி நேர இடைவெளி இருக்கும், யாருடைய ஓய்வு நாளிலும் கை வைக்கவில்லை. உலை, பிரஸ் போன்ற ஆபத்தான வேலைக்கும் சட்டம் 12 மணி நேரத்தை அனுமதிக்காத இடத்துக்கும் இது ஆகாது. அங்கே அந்த ஒரு மெஷினை நிறுத்திவிடுவதுதான் வழி. முன்கூட்டியே கேட்டு எடுக்கிற நீண்ட விடுப்புக்கு இந்த ஒட்டு வேலை வேண்டாம், தனியாக ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மாறுகிற முதல் நாள். புதிதாக வரும் நாலு பேரையும் ஒரே குழுவாகப் போட்டுவிடாதீர்கள், குழுவுக்கு ஒருவர், பழைய ஆட்கள் மூன்று பேர். முதல் நாள் காலை 6 மணிக்கு இரவு முடித்து இறங்கும் நாலு பேரில் மூன்று பேர் நேரே ஓய்வுக் குழு. பழைய காலை ஷிப்டில் மூன்று பேர் காலையிலேயே தொடரட்டும், மதியத்தில் மூன்று பேர் மதியத்திலேயே தொடரட்டும். ஷிப்டுக்கு ஒருவராக மிஞ்சும் மூன்று பேர் அன்று இரவுக் குழு. அவர்களில் அன்று காலைதான் இறங்கியவருக்கு 16 மணி நேரம், மற்ற இருவருக்கு 24-க்குக் குறையாது. அந்த 16 மணி நேரக்காரருக்கு மட்டும் முதல் வாரம் கொஞ்சம் சுமை, இன்னும் இரண்டு இரவு முடித்த பிறகே அவருக்கு ஓய்வு. அவர் யார் என்பதை அவர்களே பேசி முடிவு செய்துகொள்ள விடுங்கள்.