விலகியவருக்கு மறுபடியும் விளம்பரம் போவது எப்படி?

"அன்சப்ஸ்கிரைப் செய்து எத்தனையோ நாளாச்சு, திரும்பவும் ஆஃபர் மெயில் வருது." வாடிக்கையாளர் பட்டியல்களைச் சரிபார்க்கப் போகும் இடங்களில் நான் அதிகம் பார்க்கும் புகார் இதுதான். பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. விலகியவரின் பெயரைப் பட்டியலிலிருந்து உடனே அழித்துவிடுவதுதான் கோளாறின் தொடக்கம்.

ஒரு வாடிக்கையாளரை எடுத்துக்கொள்வோம். பொருள் வாங்கும்போது, டெலிவரி தகவலுக்காக எண்ணும் மின்னஞ்சலும் தருகிறார். "சலுகைகளை மின்னஞ்சலில் அனுப்பலாம்" என்ற கட்டத்தில் அவரே டிக் போடுகிறார். இரண்டும் பில்லிங் மென்பொருளில் பதிவாகின்றன. மின்னஞ்சல், மெயில் அனுப்பும் மென்பொருளுக்கும் போகிறது. சில மாதம் கழித்து அவர் விலகுகிறார். மெயில் பட்டியலில் அவர் பெயர் அழிகிறது. அடுத்த விற்பனைக்கு யாரோ பில்லிங்கிலிருந்து எக்செல் கோப்பை எடுத்து அப்படியே ஏற்றுகிறார். 'வேண்டாம்' என்று சொன்னதற்கான தடயம் எங்கும் இல்லாததால், புது ஆளாக அவர் உள்ளே வந்துவிடுகிறார். இந்த முறை அவர் அன்சப்ஸ்கிரைப் தேடமாட்டார், ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார்.

இதற்கு மாற்று, 'அனுப்பக்கூடாதவர்கள்' என்று தனிப் பட்டியல் வைப்பது. விலகியவரின் மின்னஞ்சல் முகவரி அல்லது எண், விலகிய தேதி, எந்த வழிக்கு (மெயிலா, எஸ்எம்எஸ்ஸா, அழைப்பா) என்ற மூன்று மட்டும் அதில் போதும். கோப்பை ஏற்றும்போது மட்டும் ஒப்பிட்டால் போதாது. ஒவ்வொரு முறை அனுப்புவதற்கு முன்பும் ஒப்பிட வேண்டும். அதற்கும் முன்னால் எண்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். நாட்டுக் குறியீட்டுடன் ஒரு இடத்திலும், முன்னால் சுழியத்துடன் இன்னொரு இடத்திலும் இருந்தால், கணினிக்கு அவை இரண்டு வேறு ஆட்கள். பட்டியல் இருந்தும் செய்தி கசிவது பெரும்பாலும் இந்த ஓட்டையால்தான்.

"என் தகவலையே அழித்துவிடுங்கள்" என்று ஒருவர் கேட்டால்? வாங்கிய வரலாறு, பிறந்தநாள் போன்றவற்றை அழிக்கலாம். கணக்குக்காகச் சட்டம் வைத்திருக்கச் சொல்லும் பில் தவிர. மறுபடி அனுப்பாமலிருக்க அந்த முகவரியோ எண்ணோ மட்டும் தேவை என்பதை அவரிடமே சொல்லிவிடுவது நல்லது. எண்ணை ஹாஷ் செய்து, அதாவது நேரடியாகத் திரும்பப் படிக்க முடியாத குறியீடாக மாற்றி வைத்தால், யாருக்கும் தெரியாது என்று சிலர் நம்புகிறார்கள். பத்து இலக்க எண்ணுக்கு மொத்தமே 1,000 கோடி சாத்தியங்கள்தான். எல்லாவற்றையும் முயன்று பார்ப்பது இன்றைய கணினிக்குப் பெரிய வேலையில்லை. ஆகவே ஹாஷ் செய்த பட்டியலையும் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

சம்மதமும் இதே கதைதான். டிக் இருக்கிறது என்பது மட்டும் சான்றாகாது. எந்தத் தேதியில், எந்தப் படிவத்தில், என்ன வாசகத்துக்கு டிக் போட்டார் என்பது சேர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் சம்மதமாக ஏற்பதில்லை. மேலே சொன்ன வாடிக்கையாளர் மெயிலுக்குத்தான் சம்மதித்தார். டெலிவரிக்காகத் தந்த எண்ணுக்கு ஆஃபர் எஸ்எம்எஸ் அனுப்பினால், அதற்கான அனுமதி நம்மிடம் இல்லை. டெலிவரி செய்தியின் அடியில் சலுகையை ஒட்டி அனுப்புவதும் அதே மீறல்தான், கொஞ்சம் மறைவாக.

விலகும் வழிக்கு வருவோம். சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது ஜிடிபிஆர். அமெரிக்காவின் கேன்-ஸ்பேம் சட்டம் விலகலை நிறைவேற்ற 10 வேலை நாள் தருகிறது. ஜிமெயில் இன்னும் கறார்: அதன் பயனர்களுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் மெயில் அனுப்புவோர், விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், இரண்டு நாளுக்குள் நிறைவேற்றவும் வேண்டும். அதற்கு மெயிலின் தலைப்பகுதியில் இந்த இரண்டு வரி வேண்டும்:

```
List-Unsubscribe: <https://example.com/u/abc123>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

இரண்டாவது வரி ஏன்? பல அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள், மெயிலில் உள்ள இணைப்புகளை ஆபத்தானவையா என்று தானே திறந்து பார்க்கும். வெறுமனே திறந்தாலே விலகிவிடும்படி இணைப்பை அமைத்திருந்தால், விருப்பமுள்ளவரும் தெரியாமலே விலகிப்போவார். இந்த வரி இருந்தால், பொத்தானை அழுத்தும்போது மெயில் செயலி, இணைப்பை வெறுமனே திறக்காமல், POST என்ற வேறு வகைக் கோரிக்கையை அனுப்பும். அதை மட்டும் விலகலாக எடுத்துக்கொள்ளலாம். மெயிலின் அடியில் கண்ணுக்குத் தெரியும் இணைப்பைத் திறப்பவருக்கு 'உறுதிசெய்' பொத்தான் ஒன்று போதும். லாகின் கேட்கக்கூடாது.

உங்கள் அமைப்பைச் சோதிக்க, சொந்த முகவரியையும் எண்ணையும் பில்லிங்கில் சேர்த்து, பிறகு விலகுங்கள். பழைய எக்செல் கோப்பு ஒன்றில் அதே எண்ணை வேறு வடிவத்தில் எழுதி ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றும் ஊழியரிடம் இது சோதனை என்று சொல்ல வேண்டாம். அடுத்த விளம்பரம் உங்களுக்கு வந்தால், முதலில் அந்தக் கோப்பு எந்த வழியாக உள்ளே போனது என்று பாருங்கள்.