ஆய்தம் பதின்மூன்றாவது உயிரா?

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் சிங்கப்பூரில் தமிழ் மொழி விழா வந்தால் எனக்கு ஒரே மாதிரியான குறுஞ்செய்திகள் வரத் தொடங்கிவிடும். வினாடி வினாவுக்குப் பிள்ளையைத் தயார் செய்யும் அம்மாவோ அப்பாவோ பயிற்சித்தாளைப் படம் பிடித்து அனுப்புவார்கள். "டீச்சர், உயிர் எழுத்து பன்னிரண்டா, பதின்மூன்றா? இவன் பதின்மூன்று என்று அடம் பிடிக்கிறான்."

பிள்ளை சும்மா அடம் பிடிக்கவில்லை. பாலர் பள்ளியில் மாட்டியிருக்கும் சுவரொட்டியில் அ, ஆ என்று தொடங்கி ஔ முடிந்தவுடன் அதே வரிசையில், அதே நிறத்தில் ஃ இருக்கும். பாட்டிலும் அப்படித்தான் சேர்த்துப் பாடுவோம். எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று வருகிறது. ஆனால் ஒரே வரிசையில் இருப்பதால் ஒரே வகை ஆகிவிடாது. ஆய்தம் உயிரும் இல்லை, மெய்யும் இல்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இவற்றைக் கூட்டினால்தான் 247.

ஆய்தம் ஏன் உயிர் இல்லை என்பதை ஒரு சின்னச் சோதனையில் காட்டிவிடலாம். மெய்யோடு சேர்ந்தால்தான் உயிர் என்ற பேச்சுக்கே இடம். க் என்பதோடு ஆ சேர்ந்தால் கா. க் என்பதோடு ஃ சேர்ந்தால்? ஒன்றும் வராது. அதனால்தான் 18ஐ 12ஆல் பெருக்கி 216 எடுக்கிறோம், 13ஆல் அல்ல. வகுப்பில் இதைச் சொன்னதும் பெரும்பாலான பிள்ளைகள் சரி என்று விட்டுவிடுவார்கள். விடாதவர்கள் அடுத்து கேட்பது: "அப்போ அது மெய்யா?" மெய்யைப் போல இதற்கும் அரை மாத்திரைதான், புள்ளியும் இருக்கிறது. ஆனால் மெய் உயிரை ஏற்கும், ஆய்தம் ஏற்காது. தனித்து நிற்கும். தனிநிலை என்ற பெயரே அதற்கு உண்டு.

குழப்பம் இங்கே முடிவதில்லை. பெற்றோர் உண்மையிலேயே தடுமாறுவது பிற எழுத்துகளைச் சார்ந்து வரும் சார்பெழுத்தில். நம் தொடக்கப்பள்ளிப் பாடத்தில் இதை இவ்வளவு ஆழமாகத் தொடுவதில்லை. ஆனால் போட்டிக்காக இணையத்திலிருந்து இறக்கும் வினாத்தொகுப்புகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தேர்வுகளுக்காகத் தயாரித்தவை. அவற்றில் "சார்பெழுத்துகள் எத்தனை?" என்ற கேள்விக்கு ஒரு தாளில் 3 சரி, இன்னொரு தாளில் 10 சரி. விடைத்தாளில் அச்சுப்பிழை என்று நினைத்துக் கிழித்துப் போட்டவரும் உண்டு. அச்சுப்பிழை இல்லை. இரண்டு விடைகளும் இரண்டு இலக்கண நூல்களிலிருந்து வருகின்றன.

தொல்காப்பியம் எழுத்து என்று முதலில் எண்ணுவது அகரம் முதல் னகரம் வரை முப்பதை மட்டும். அதாவது 12 உயிரும் 18 மெய்யும். இவற்றைத்தான் முதலெழுத்து என்கிறோம். பிறவற்றைச் சார்ந்து வருபவை என்று மூன்றைத் தனியே வைக்கிறது: குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம். முப்பாற்புள்ளி என்ற பெயர் ஆய்தத்துக்கு அங்கேயே வந்துவிடுகிறது. உயிர்மெய்யை அது இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கை, அந்த நூற்பாவில் முப்பது என்பது 'முப்பஃது' என்றே வருகிறது. முப்பதில் அடங்காத எழுத்து, முப்பதைச் சொல்லும் சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவரின் நன்னூல். அதில் சார்பெழுத்து பத்து: உயிர்மெய், ஆய்தம், உயிரளபெடை, ஒற்றளபெடை, குற்றியலிகரம், குற்றியலுகரம், ஐகாரக்குறுக்கம், ஔகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம், ஆய்தக்குறுக்கம். இந்தப் பத்தின் உட்பிரிவுகளையும் எண்ணினால் 369 என்கிறது நன்னூல். ஆகவே கேள்வியில் 'வகை' என்று இருந்தால் 10, 'விரி' என்று இருந்தால் 369. ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டால் விடை எங்கோ போய்விடும்.

369 எப்படி 247ஐவிடப் பெரியதாக இருக்க முடியும் என்று ஓர் அப்பா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 247 என்பது தனி வடிவம் உள்ள எழுத்துகளின் கணக்கு. பத்துச் சார்பெழுத்தில் உயிர்மெய்க்கும் ஆய்தத்துக்கும் மட்டுமே தனி வடிவம் உண்டு. மற்ற எட்டும் ஏற்கெனவே உள்ள எழுத்து நீண்டோ குறுகியோ ஒலிக்கும் நிலைகள். ஆய்தத்தையே பாருங்கள். 247இல் அது ஒன்று. 369இல் அதற்கு எட்டு இடம்: அடுத்து வரும் ஆறு வல்லினங்களால் ஆறு, புணர்ச்சியால் ஒன்று, செய்யுள் விகாரத்தால் ஒன்று. அதுபோக ஆய்தக்குறுக்கம் என்று இரண்டு தனி.

இதைக் காகிதத்தில் பார்க்க 'அஃது' போதும். எத்தனை எழுத்து? மூன்று: அ, ஃ, து. என்ன வகை? அ உயிர், ஃ ஆய்தம், து உயிர்மெய். முதலெழுத்து எத்தனை? அ ஒன்று மட்டும், மற்ற இரண்டும் சார்பு. மாத்திரை எத்தனை? இங்கேதான் பிள்ளைகள் இரண்டரை என்று எழுதுவார்கள். அகரத்துக்கு ஒன்று, ஆய்தத்துக்கு அரை, 'து' குறில் என்பதால் ஒன்று. ஆனால் சொல்லின் கடைசியில் ஆய்தத்தை அடுத்து வரும் இந்த உகரம் குற்றியலுகரம், அதற்கு அரைதான். மொத்தம் இரண்டு. வடிவத்தைக் கேட்டால் 'து' உயிர்மெய், ஒலியைக் கேட்டால் அதிலுள்ள உகரம் குற்றியலுகரம். ஒரே எழுத்து கேள்வியைப் பொறுத்து இரண்டு பெயர் வாங்கும். பிள்ளைக்குப் புரிந்ததா என்று பார்க்க 'எஃகு' கொடுத்துப் பாருங்கள், கணக்கு அப்படியே வர வேண்டும்.

சொல்லில் உள்ள எழுத்துகளை எண்ணச் சொல்லும் கேள்வியில் இன்னொரு குழி உண்டு. 'பௌர்ணமி' கொடுத்தால் ஐந்து என்று எழுதுகிற பிள்ளைகள் நிறைய. பௌ என்பதன் பின்பாதியைத் தனி 'ள' என்று எடுத்துக்கொள்கிறார்கள். பௌ, ர், ண, மி, நான்குதான். இரண்டே எழுத்துள்ள 'ஔவை'யை மூன்று என்று தவறாக எண்ணுவதும் இப்படித்தான். பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 'ள' ஒலி காதில் விழவில்லை என்றால் அந்த எழுத்தும் அங்கே இல்லை.

கடைசியாக, நம் ஊர்ப் பெயர்களை வைத்துக் கேள்வி தயாரிக்கும் பெற்றோருக்கும் தொண்டூழியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'ஜூரோங்' மூன்று எழுத்து என்பதில் சிக்கல் இல்லை. ஆனால் ஜூ கிரந்த எழுத்து, 247இல் அது கிடையாது. 'ஃபேரர் பார்க்' இன்னும் சங்கடம். இலக்கணப்படி ஆய்தத்துக்கு முன்னால் ஒரு குறிலும் பின்னால் வல்லின உயிர்மெய்யும் வேண்டும். இங்கே பின்னால் 'பே' இருக்கிறது, முன்னால் எதுவுமே இல்லை. தமிழில் இல்லாத ஓர் ஒலியைக் காட்ட இக்காலத்தில் அந்தப் புள்ளிகளைக் கடன் வாங்கியிருக்கிறோம். எழுதலாம், படிக்கலாம், நானும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் "இச்சொல்லில் ஆய்தத்தின் மாத்திரை என்ன?" என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்காதீர்கள். அதற்கு இஃது, எஃகு, பஃது என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. சார்பெழுத்துக் கேள்வி வைத்தால் 'நன்னூலின்படி' என்றோ 'தொல்காப்பியத்தின்படி' என்றோ முன்னால் ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். மேடையில் நடுவரிடம் சண்டை போட வேண்டியிருக்காது.