பெட்டியில் ஒரு எண், பாட்டிலில் ஒரு எண்

தோழி ஒருத்தி 2024 செப்டம்பரில் ஆன்லைனில் ஒரு ஃபவுண்டேஷன் வாங்கினாள். வழக்கமான விலையில் பாதிகூட இல்லை. "பழைய ஸ்டாக், அதனால்தான் தள்ளுபடி" என்று விற்றவர் எழுதியிருந்தார். வந்ததும் பெட்டியின் அடியில் இருந்த பேட்ச் எண்ணை, அதைப் படித்துச் சொல்லும் இணையதளம் ஒன்றில் போட்டுப் பார்த்தாள். "தயாரிப்பு: 2024 மே" என்று பச்சை நிறத்தில் பதில் வந்தது. ஒரிஜினல்தான் என்று நிம்மதியாகி, எனக்கும் படம் அனுப்பினாள்.

எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. நான்கு மாதத்துக்கு முன் தயாரான பொருள் எப்படிப் பழைய ஸ்டாக் ஆகும்?

முதலில் அந்த எண் என்ன என்று பார்ப்போம். பெரிய தொட்டியில் ஒரே தடவையில் கலக்கிய கிரீமோ லிப்ஸ்டிக்கோ ஒரு பேட்ச். பின்னால் ஏதாவது கோளாறு தெரிந்தால் அந்தத் தொட்டியிலிருந்து போனதை மட்டும் திரும்பப் பெற வேண்டும். அதற்காக அடிப்பதுதான் பேட்ச் எண். போலியைக் கண்டுபிடிக்க உருவானதல்ல. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு எழுத்துமுறை உண்டு. எஸ்டீ லாடர் குழுமத்தின் மூன்றெழுத்துக் குறியில் முதல் எழுத்து தொழிற்சாலை, அடுத்தது மாதம், கடைசி இலக்கம் ஆண்டு. `B73` என்றால் ஏழாம் மாதம், 3-இல் முடியும் ஆண்டு. அது 2013-ஆ 2023-ஆ என்று குறி சொல்லாது. வேறு சில நிறுவனங்கள் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் சேர்த்து எழுதுகின்றன. தோழியின் பெட்டியில் இருந்தது அந்த வகை. `4132` என்று தொடங்கியது. 2024-இன் 132-ஆவது நாள், அதாவது மே 11.

இணையதளம் செய்தது இந்தக் கணக்கை மட்டும்தான். அது நிறுவனத்தின் பதிவேட்டைத் திறந்து பார்ப்பதில்லை. போலி செய்பவர் கடையில் ஒரு ஒரிஜினல் பெட்டியை வாங்கி, அதிலிருக்கும் எண்ணை அப்படியே அச்சடித்துவிட்டால் அந்தத் தளம் அதற்கும் பச்சைதான் காட்டும். எண் தவறாக வந்தால் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. சரியாக வந்தால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. பார்கோடும் இப்படித்தான், நகலெடுப்பது அதைவிட எளிது.

அதனால் எண் என்ன சொல்கிறது என்பதைவிட, அது பெட்டிமேல் எப்படி வந்தது என்று பார்ப்பேன். அட்டைப்பெட்டி முன்கூட்டியே அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அச்சாகி வருகிறது. அப்போது அதில் எந்தத் தொட்டியின் கிரீம் போகப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. பேட்ச் எண் பிறகு, நிரப்பும் இடத்தில், வேறொரு இயந்திரத்தால் விழுகிறது. ஆகவே அது மற்ற எழுத்துகளோடு ஒட்டாமல் தெரிய வேண்டும். புள்ளி புள்ளியாகத் தெறித்த இங்க்காக இருக்கலாம். லேசர் மேலிருக்கும் இங்க்கைச் சுட்டதால் அடியிலிருக்கும் வெள்ளை அட்டை தெரியலாம். அச்சு அழுத்திய பள்ளமாக விரலுக்குத் தட்டுப்படலாம். கைபேசி கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். சேர்மானப் பட்டியலின் அதே கறுப்பில், அதே கூர்மையில், அதே கோட்டில் பேட்ச் எண்ணும் இருந்தால் அது பெட்டியோடு சேர்ந்தே அச்சான எண். அந்தப் போலியின் எல்லாப் பெட்டிகளிலும் அதே எண்தான் இருக்கும். நீளமான குறி போடும் நிறுவனத்தின் லிப்ஸ்டிக் மூன்று நிறங்களில் வந்து, மூன்றிலும் ஒரே எண் என்றால் நான் அதைத் தொடமாட்டேன். மூன்று நிறம் ஒரே தொட்டியில் வராது. மேலே சொன்ன மூன்றெழுத்துக் குறிக்கு இந்தச் சோதனை செல்லாது. அது மாதத்தை மட்டும் சொல்வதால் பல நிறங்களுக்குப் பொதுவாக இருக்கலாம்.

ட்யூப் என்றால் வாலைப் பாருங்கள். ட்யூபை வால்பக்கமாக நிரப்பி, பிறகு அந்த முனையைச் சூடாக நசுக்கி மூடுவார்கள். பல தொழிற்சாலைகளில் நசுக்கும் தாடையே எண்ணையும் பதித்துவிடும். ஒரிஜினலில் எண் அங்கே மேடுபள்ளமாக இருப்பதைத் தெரிந்துவைத்திருந்தால், வழவழப்பான வால் உடனே கண்ணில் படும்.

சரி, தோழியின் பாட்டிலுக்கு வருவோம். பெட்டி சுத்தமாகத்தான் இருந்தது. எண்ணும் லேசரில் சுட்டது. "பாட்டிலைத் திருப்பி அடியில் பார்" என்றேன். கண்ணாடியிலேயே வார்த்திருந்த ஒரு எண்ணைப் படித்தாள். அது பாட்டில் வார்த்த அச்சின் எண், பேட்ச் எண் இல்லை. நிறையப் பேர் இங்கே குழம்புகிறார்கள். இன்னும் தேடியதில் ஓரத்தில் மங்கலாக `3287` இருந்தது. 2023-இன் 287-ஆவது நாள், அக்டோபர் 14. பெட்டிக்கும் பாட்டிலுக்கும் ஏழு மாத இடைவெளி.

இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பாட்டிலை நிரப்பி வைத்துவிட்டு, பெட்டியில் போடும் நாளில் வேறு எண் அடிப்பவர்களும் இருக்கலாம். ஆனால் அவள் முன்பு கடையில் வாங்கிய பழைய பாட்டிலின் பெட்டி இன்னும் அலமாரியில் கிடந்தது. அதில் இரண்டு எண்ணும் ஒன்றே.

அப்புறம் சீல். "சீல் இல்லை, ஆகவே போலி" என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். அது தவறு. பல ஒரிஜினல் பொருள்களுக்கு உள் சீலே கிடையாது. போலியின் மேல் சுருங்கும் பிளாஸ்டிக் உறை போடுவதோ சுலபம். அந்த நிறுவனம் எந்த சீல் போடும் என்று தெரிந்தால்தான் சீல் சாட்சி சொல்லும். பம்ப் பாட்டிலில் எனக்குப் பிடித்த சோதனை வேறு. புதிய பம்பின் உள்குழாயில் காற்றுதான் இருக்கும். பெரும்பாலும் நாலைந்து தடவை வெறுமனே அழுத்திய பிறகே கிரீம் மேலே வரும். தோழிக்கு முதல் அழுத்தலிலேயே வந்ததாம். அவளுக்கு முன்னால் யாரோ அழுத்தியிருக்கிறார்கள்.

விலை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாதி விலை சந்தேகத்துக்குக் காரணம்தான். ஆனால் கெட்டிக்காரப் போலி வியாபாரி பத்து பதினைந்து சதவீதம்தான் குறைப்பார். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2018-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆன்லைன் சந்தைகளில் மூன்றாம் நபர் விற்பனையாளர்களிடம் நான்கு வகைப் பொருள்களில் 47 வாங்கிச் சோதித்ததில் 20 போலி. அதில் அர்பன் டீகே அழகுசாதனங்கள் 13. பதிமூன்றும் போலி. வாங்கியதெல்லாம் நல்ல மதிப்பீடு வைத்திருந்த விற்பனையாளர்களிடம்தான். விலையைத் தனியாகப் பார்க்காமல் விற்பவர் சொல்லும் காரணத்தோடு வைத்துப் பார்ப்பது நல்லது. பழைய ஸ்டாக் என்றால் தேதி பழையதாக இருக்க வேண்டும். 2021-இல் அறிமுகமான நிறத்தில் 2019-இன் எண் இருக்கக் கூடாது. எண்ணையே சுரண்டியிருந்தால், அது போலியாக இல்லாமல், எந்த விநியோகஸ்தரிடமிருந்து கசிந்தது என்பதை மறைத்துக் கள்ள வழியில் வரும் ஒரிஜினல் சரக்காகவும் இருக்கலாம். அப்போதும் அதன் வயது உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

பதிவேடு இருப்பது நிறுவனத்திடம் மட்டும்தான். அதனால் பெட்டி, பாட்டில், இரண்டு எண்கள், நிறத்தின் பெயர் எல்லாவற்றையும் படமெடுத்து, அதன் வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்பச் சொன்னேன். எதையும் தூக்கியெறிய வேண்டாம், பணம் திரும்பக் கேட்க அதுதான் ஆதாரம் என்றும் சொன்னேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. பாட்டில் எங்களுடையதுதான், `3287`-இல் நாங்கள் நிரப்பியது இதைவிட மூன்று படி கருமையான நிறம் என்று எழுதியிருந்தார்கள். யாரோ தீர்த்துவிட்டுப் போட்ட காலி பாட்டிலில் வேறெதையோ ஊற்றி அவளுக்கு விற்றிருக்கிறார்கள்.