படம் மட்டும் வந்தால் முதல் பதில் என்ன?

கடையின் சாட்டில் ஒரு தோள்பையின் படம் வந்து விழுகிறது. வணக்கமோ கேள்வியோ கூட இல்லை. ஆனால் அனுப்பியவரைப் பொறுத்தவரை கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. இந்தப் பை இருக்கிறதா, என்ன விலை என்பதாக இருக்கலாம். போன வாரம் வாங்கிய பையின் ஜிப் பிய்ந்துவிட்டது என்பதாகவும் இருக்கலாம்.

கடைகளுக்குச் சாட் பதில்கள் எழுதிக் கொடுப்பது என் வேலை. இந்த இடத்தில் நான் அதிகம் பார்ப்பது, "உங்கள் செய்திக்கு நன்றி, எப்படி உதவலாம்?" என்ற பதிலைத்தான். படத்தை யாரும் பார்க்கவே இல்லை என்றுதான் வாடிக்கையாளருக்குத் தோன்றும். அதே படத்தைத் திரும்ப அனுப்புவார், அல்லது வெறும் கேள்விக்குறி போடுவார். இவை இரண்டும் அடிக்கடி வந்தால் முதல் பதில் வேலை செய்யவில்லை என்று பொருள்.

இன்னொரு கோடி, பெயர், ஆர்டர் எண், வாங்கிய தேதி, நிறம், முகவரி என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்பது. விலை கேட்க வந்தவரிடம் ஏது ஆர்டர் எண்? அவர் அப்படியே போய்விடுவார். சரி, ஊகித்து விலையைச் சொல்லிவிடலாமா? ஜிப் பிய்ந்த கோபத்தில் இருப்பவருக்கு விலைப்பட்டியல் போய்ச் சேர்ந்தால் அந்தக் கோபத்தை ஆற்றுவது பெரும்பாடு.

ஆகவே முதல் பதிலில் இரண்டு விஷயங்கள் போதும் என்பேன். படத்தில் தெரிவதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். வழி எங்கே பிரிகிறதோ அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்க வேண்டும்.

"பழுப்புத் தோள்பையின் படம் கிடைத்தது. இதை வாங்க விரும்புகிறீர்களா, வாங்கிய பையில் ஏதும் குறையா?"

ஆர்டர் எண்ணும் நிறமும் இரண்டாவது பதிலுக்கு உரியவை. அவர் "குறை" என்றால் ஆர்டர் எண்ணையும் குறை தெரியும்படி ஒரு கிட்டப் படத்தையும் கேட்கலாம். "வாங்க" என்றால் கையிருப்பையும் விலையையும் உடனே சொல்லிவிடலாம்.

முதல் பதில் தானாகப் போகிறது, படத்தில் இருப்பது என்னவென்று அதற்குத் தெரியாது என்றால், "படம் கிடைத்தது" என்பதோடு நிறுத்துங்கள். பொருளின் பெயரைத் தப்பாகச் சொல்வதைவிட அது மேல். கேள்வியைப் பொத்தான்களாகவும் கொடுக்கலாம். வாட்ஸ்அப் பிசினஸ் API வழியாக அனுப்பும் பதில் பொத்தான்கள் மூன்றுக்கு மேல் போகாது. ஒவ்வொன்றிலும் 20 குறிகள்தான். தமிழில் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியாகக் கணக்காவதால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். "வாங்க வேண்டும்", "வாங்கியதில் குறை", "வேறு கேள்வி" ஆகிய மூன்றும் அதற்குள் அடங்கும். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், அளவு கேட்பவரும் பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட் அனுப்புபவரும் அதைத்தான் தொடுவார்கள்.

அப்புறம், பலர் நாலைந்து படங்களைச் சேர்த்து அனுப்புவார்கள். அவை தனித்தனிச் செய்திகளாகவே வந்து சேரும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் பதில் போனால் திரை முழுக்க ஒரே கேள்வி நிற்கும். கடைசிப் படம் வந்தபின் சில நொடிகள் பொறுத்து, ஒரே பதிலை அனுப்பும்படி அமையுங்கள். அந்த இடைவெளியில் அவரே ஏதாவது எழுதிவிட்டால் இந்தக் கேள்வி போகவே வேண்டாம்.