ஓடுகளை இறக்கித் தகடு போடும் முன் அடிக்கம்பியைப் பாருங்கள்

களக்காடு, ஏர்வாடி, வள்ளியூர், பணகுடி என்று தெற்கே போகப் போக, பழைய ஓட்டுக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகத் தகடு போட்ட கொட்டகைகளாக மாறி வருகின்றன. ஓடு ஒழுகுகிறது, மாற்றிப் போட ஆள் கிடைப்பதில்லை, மலையடிவாரத்தில் குரங்குத் தொல்லை வேறு. காரணங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டமான பழைய ட்ரஸ்ஸை அப்படியே வைத்துக்கொண்டு மேலே தகட்டை மட்டும் போடுவதில்தான் சிக்கல் இருக்கிறது.

வாழைத்தார் ஏற்றி இறக்கும் கொட்டகை ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். உரிமையாளர் அண்ணாச்சிக்கு ஒரே கேள்விதான்: "வெயிட்டக் குறைச்சாச்சுல்லா சார், இனி ட்ரஸ்ஸுக்கு என்ன பயம்?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த உறுப்பு இழுபடுகிறது, எது அமுக்கப்படுகிறது என்று, உறுப்புகள் ஒன்று சேரும் கணுக்களில் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் வேறு மாதிரி வருகிறது. அந்தக் கணக்கையே இங்கே போட்டுக் காட்டுகிறேன். எண்கள் சுலபமாக வர அளவுகளைக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன்.

ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். சுவருக்குச் சுவர் 8 மீட்டர், நடுவில் உயரம் 3 மீட்டர், சாய்வாக இரண்டு கைகள். ஒவ்வொரு கையும் 5 மீட்டர். கீழே சுவர் முதல் சுவர் வரை ஓர் அடிக்கம்பி. உச்சியிலிருந்து அந்த அடிக்கம்பியின் நடுவுக்கு ஒரு நடுக்கம்பி இறங்குகிறது. அதே அடிநடுவிலிருந்து ஒவ்வொரு கையின் மையத்துக்கும் ஒரு குறுக்குக்கை சாய்வாக ஏறுகிறது. மொத்தம் 9 உறுப்புகள், 6 கணுக்கள். கணுக்களின் இரு மடங்கில் மூன்றைக் கழித்தால் 9, அதாவது உறுப்புகளின் எண்ணிக்கையே வருகிறது. அதனால் விசைச் சமநிலையை மட்டும் வைத்து எல்லா உறுப்பையும் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த வடிவத்தில் சாய்ந்த உறுப்புகள் எல்லாமே 3-4-5 முக்கோணச் சாய்வில் வருகின்றன. சாய்வாகப் போகும் விசையில் ஐந்தில் மூன்று பங்கு செங்குத்தாகவும் ஐந்தில் நான்கு பங்கு கிடையாகவும் பிரியும். சைன், காஸ் அட்டவணையே வேண்டாம்.

முதலில் ஓட்டுக் கூரை. ட்ரஸ்ஸுகள் 3 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. ஓடு, சட்டம், மேலே ஏறி வேலை செய்யும் ஆள் எல்லாம் சேர்த்து உச்சிக்கணுவுக்கும் இரண்டு மையக்கணுக்களுக்கும் தலா 6 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய 100 கிலோ எடை. சுவரின் மேலேயே இறங்கும் ஓரப் பாரம் ட்ரஸ்ஸுக்குள் நுழையாததால் அதை விட்டுவிடலாம். மொத்தம் 18. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் ஒவ்வொரு சுவரும் 9 கிலோநியூட்டன் மேல்நோக்கித் தாங்குகிறது.

எந்தக் கணுவில் தொடங்குவது? ஒரு கணுவுக்கு இரண்டு சமன்பாடுதான் கிடைக்கும், செங்குத்துக்கு ஒன்று, கிடைக்கு ஒன்று. எனவே தெரியாத உறுப்பு இரண்டுக்கு மேல் இல்லாத கணுதான் தொடக்கம். இங்கே அது சுவர்க்கணு. சுவர் 9 மேலே தள்ளுகிறது. அதை எதிர்த்துக் கீழே தள்ளக்கூடியது சாய்ந்த கை மட்டுமே, ஏனென்றால் அடிக்கம்பி கிடையாகப் படுத்திருக்கிறது. கையின் விசையில் ஐந்தில் மூன்று பங்கு 9 என்றால் முழு விசை 15. கை கணுவை நோக்கித் தள்ளுவதால் அதில் இருப்பது அமுக்கவிசை. அந்த 15, கணுவை வெளிப்பக்கமாகவும் 12 தள்ளுகிறது. அதைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டியது அடிக்கம்பி. கணுவிலிருந்து விலகி இழுப்பதால் அடிக்கம்பியில் 12 இழுவிசை.

குறி விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். உறுப்பு கணுவைத் தள்ளினால் அமுக்கம், கணுவை இழுத்தால் இழுவை. அம்பைக் கணுவின் மேல்தான் வரைய வேண்டும், உறுப்பின் நடுவில் அல்ல. முன்கூட்டியே ஊகிக்க முடியாத இடத்தில் எல்லாவற்றையும் இழுவை என்றே எடுத்துக்கொண்டு போங்கள். விடை கழித்தல் குறியோடு வந்தால் அது அமுக்கம்.

அடுத்தது கையின் மையக்கணு. கீழ்ப்பாதிக் கை 15 விசையோடு கணுவைத் தள்ளுகிறது, அதாவது உச்சிப் பக்கமாகக் கிடையில் 12, மேலே 9. கூரைப் பாரம் 6 கீழே. மேல்பாதிக் கையும் குறுக்குக்கையும் தெரியாதவை. கிடைச் சமன்பாட்டின்படி இரண்டும் சேர்ந்து 15, செங்குத்துச் சமன்பாட்டின்படி இரண்டின் வித்தியாசம் 5. மேல்பாதிக் கையில் 10, குறுக்குக்கையில் 5, இரண்டும் அமுக்கம்.

உச்சிக்கணுவில் இரண்டு கைகளும் தலா 10 தள்ளுகின்றன. செங்குத்தாக 6 ப்ளஸ் 6, மொத்தம் 12 மேலே. கூரைப் பாரம் கீழே 6 மட்டும். மீதி 6-ஐ நடுக்கம்பி கீழ்நோக்கி இழுக்க வேண்டும். அதாவது நடுக்கம்பி இழுபடுகிறது! பார்த்தால் உச்சியைத் தாங்கி நிற்கும் தூண் போல இருக்கும், பல மேஸ்திரிகளும் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் அது உச்சியிலிருந்து தொங்கி அடிநடுவைத் தூக்கிப் பிடிக்கிறது. அதனால்தான் பழைய மர ட்ரஸ்களில் நடுக்காலின் அடியில் இரும்புப் பட்டை வளைத்துப் பிடித்திருப்பார்கள். வெறும் பொருத்தாக இருந்தால் கழன்றுவிடும்.

சரிபார்க்க அடிநடுக் கணு இருக்கிறது. இரண்டு குறுக்குக்கைகள் தலா 3 கீழே தள்ளுகின்றன, நடுக்கம்பி 6 மேலே இழுக்கிறது. கணக்கு மூடிவிட்டது. கடைசிக் கணு இப்படிப் பொருந்தாவிட்டால் முன்னால் எங்கோ குறி மாறியிருக்கிறது.

ஆக, ஓட்டுக் கூரைக்கு அடிக்கம்பியில் 12 கிலோநியூட்டன் இழுவை. இந்தக் கொட்டகையில் அது 16 மில்லிமீட்டர் உருட்டுக் கம்பி. குறுக்குவெட்டு 201 சதுர மில்லிமீட்டர். அந்த அளவு சாதாரண மைல்டு ஸ்டீல் கம்பி ஏறக்குறைய 50 கிலோநியூட்டன் வரை இழுவிசை தாங்கிய பிறகுதான் நெகிழும். அந்தக் காலத்தில் போட்டவர் ஒன்றும் தப்புச் செய்யவில்லை.

இப்போது தகடு. தகடு, அதைத் தாங்கும் பர்லின் சட்டங்கள், ட்ரஸ் எல்லாம் சேர்த்தாலும் ஒரு கணுவுக்கு 1 கிலோநியூட்டன் அளவுதான். ஆனால் காற்று எடை பார்த்து வீசுவதில்லை. காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின் வரைபடப்படி நம் பக்கத்து அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்குச் சுமார் 0.9 கிலோநியூட்டன் அழுத்தம். பக்கம் திறந்த கொட்டகையில் உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும், வெளியே ஓடும் காற்று மேலிருந்து உறிஞ்சும். கூரையின் வடிவத்துக்கும் திறப்புக்கும் உரிய கெழுக்களைப் போட்டுப் பார்த்தால், நம் ட்ரஸ்ஸில் ஒரு கணுவுக்குச் சுமார் 4 கிலோநியூட்டன் மேல்நோக்கி வருவது சாதாரணம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வாயிலோ செங்கோட்டைக் கணவாய் வாயிலோ இருக்கும் இடத்துக்கு நில அமைப்புக் கெழுவையும் தனியாகப் பார்க்க வேண்டும். காற்றாலைக்காரர்கள் அந்த இடங்களைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை.

ஓடு இருந்தபோது, மேலே ஆள் இல்லாத நாளிலும் கணுவுக்கு 4.5 கிலோநியூட்டன் எடை கீழே அழுத்திக்கொண்டிருந்தது. காற்று 4 தூக்கினாலும் அரை மீதி கீழ்நோக்கி. ட்ரஸ்ஸின் குணம் மாறவில்லை. தகட்டில் 4 தூக்க, 1 மட்டும் அழுத்துகிறது. மீதி 3 மேல்நோக்கி.

மறுபடி கணக்குப் போட வேண்டியதில்லை. முன்பு கீழ்நோக்கி 6, இப்போது மேல்நோக்கி 3. எல்லா விடையும் பாதியாகிக் குறி மட்டும் திரும்பும். கைகளின் கீழ்ப்பாதியில் 7.5 இழுவை, நடுக்கம்பியில் 3 அமுக்கம், அடிக்கம்பியில் 6 அமுக்கம். காற்று உண்மையில் கூரைத் தளத்துக்குச் செங்கோணத்தில் தள்ளுவதால் கிடைக்கூறு ஒன்றும் உண்டு. அதையும் சேர்த்தால் அடிக்கம்பியின் அமுக்கம் கொஞ்சம் குறையும், ஆனால் இழுவையாகத் திரும்பாது.

முன்பு 12, இப்போது 6 தானே என்று நினைக்கலாம். ஆனால் அமுக்கத்தில் கம்பி நசுங்குவதில்லை, நீளத்தினால் வளைந்து கொடுத்துவிடுகிறது. சுவரிலிருந்து அடிநடு வரை 4 மீட்டர் நீளமுள்ள அந்த 16 மில்லிமீட்டர் கம்பிக்கு ஆய்லர் சூத்திரம் தரும் வளைவுச்சுமை வெறும் 0.4 கிலோநியூட்டன், நாற்பது கிலோ. வரப்போவது அதைப் போலப் பதினைந்து மடங்கு. அடிக்கம்பி வளைந்ததும் ட்ரஸ் தன் வடிவத்தை இழக்கிறது, கணக்கில் இல்லாத வளைவு கைகளில் ஏறுகிறது.

இதை முன்கூட்டியே கண்ணால் பார்க்கவும் முடியும். ஆனி ஆடியில் காற்று ஓங்கும் நேரம் கொட்டகைக்கு வெளியே பாதுகாப்பாக நின்று அடிக்கம்பியைக் கவனியுங்கள். காற்று ஓங்கும்போது கம்பி தொய்ந்து, தணிந்ததும் விறைத்துக்கொண்டால் அது அமுக்கத்துக்குப் போய் வருகிறது என்று பொருள். காற்று ஓய்ந்த பிறகு போல்ட் துளைகள் நீள்வட்டமாகியிருக்கின்றனவா, வெல்டு ஓரத்தில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா, கம்பியில் நிரந்தர வளைவு நிற்கிறதா என்று பாருங்கள்.

அண்ணாச்சியின் கொட்டகைக்கு அடிக்கம்பிக்குப் பதில் வெளிவிட்டம் 60 மில்லிமீட்டர், கனம் 3.6 மில்லிமீட்டர் உள்ள குழாய் கொடுத்தோம். ஓர் உறுப்பு எவ்வளவு எளிதில் வளையும் என்பதைக் காட்டும் மெலிவு விகிதம் 4 மீட்டர் நீளத்துக்கு இதில் ஏறக்குறைய 200. காற்றினால் மட்டும் அமுக்கம் வரும் உறுப்புக்கு, இரும்புக் கட்டுமானத்துக்கான தரநிலையான ஐ.எஸ். 800 தரும் வரம்பு 250. நடுக்கம்பியும் குழாயானது. ஆனால் குழாய் மட்டும் போதாது. மேலே பர்லின்கள் கைகளைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்கின்றன, கீழே அடிநடுவைப் பிடிக்க யாருமில்லை. அது பக்கவாட்டில் விலகினால் வளையும் நீளம் 4 மீட்டர் அல்ல, முழு 8 மீட்டர், மெலிவு விகிதம் 400. எனவே எல்லா ட்ரஸ்ஸின் அடிநடுவையும் கோத்து நீளவாக்கில் ஒரு குழாய் ஓட்டி, அதை முனைக் கட்டத்தில் குறுக்குப் பிணைப்போடு சேர்த்தோம். செலவைக் குறைக்கச் சொன்னால் வெல்டர்கள் முதலில் விடுவது இதைத்தான். கடைசியாகச் சுவர். ஓரப் பாரத்தையும் சேர்த்து ஒவ்வொரு முனையும் 6 கிலோநியூட்டன் மேலே தூக்கும், அதனால் நங்கூர போல்ட் மேல்வரிசைச் செங்கலில் நிற்காமல் கீழே கான்கிரீட் பட்டை வரை இறங்க வேண்டும்.

வேலை நடக்கும்போது ஒரு எச்சரிக்கை. காற்றில்லாத நாளில் அடிக்கம்பி இன்னும் இழுவையில்தான் இருக்கிறது. முதலில் அதை அறுத்துவிட்டுக் குழாயைத் தூக்கினால் கைகள் சுவரை வெளியே தள்ளிவிடும். குழாயைப் பக்கத்திலேயே வைத்து இரு முனையும் வெல்டு செய்து முடித்த பிறகு கம்பியை எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். ஒரு நேரத்தில் ஒரு ட்ரஸ் மட்டும்.